திறக்காத ஒரு கோப்பும் ஐந்து வாரமும்: தள்ளிப்போடுவது ஏன் சோம்பல் இல்லை

முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருக்கும் ஒரு பெண்ணை எனக்குத் தெரியும், என்னைவிட ஏழெட்டு வயது இளையவள். அவளுடைய கைடிடமிருந்து ஒரு வெள்ளிக்கிழமை மாலை மெயில் வந்தது. மூன்றாவது இயலைப் படித்துவிட்டேன், திருத்தங்களைக் கோப்பிலேயே குறித்திருக்கிறேன், பார்த்துவிட்டு அனுப்புங்கள் என்று இரண்டே வரி, கூடவே ஒரு வேர்ட் கோப்பு. மெயிலைப் படித்தவள் கோப்பைத் திறக்கவில்லை. திங்கள்கிழமை காலையில் தெளிவான மனதோடு உட்கார்ந்து பார்க்கலாம் என்று நினைத்தாள். ஐந்து வாரம் கழித்து அவள் என் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோதும் அந்தக் கோப்பு திறக்கப்படாமலேயே இருந்தது.

அந்த ஐந்து வாரமும் அவள் சும்மா இருக்கவில்லை. பகுதிநேரமாகப் பாடம் எடுக்கும் கல்லூரியில் மூன்று கட்டு விடைத்தாள் திருத்தியிருக்கிறாள். சமையலறை அலமாரியை முழுக்க இறக்கிவைத்துத் துடைத்திருக்கிறாள். மாமா பையனுடைய கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்திருக்கிறாள். முதல் இயலின் மேற்கோள் பட்டியலை, யாரும் கேட்காமலே, முதலிலிருந்து மறுபடி அடுக்கியிருக்கிறாள். இவ்வளவையும் சொல்லிவிட்டு, "நான் பயங்கரச் சோம்பேறிக்கா, என்னால இதெல்லாம் முடியாது" என்றாள்.

இந்தச் சொல்தான் எனக்கு உறுத்தியது. சோம்பேறி அலமாரியை இறக்கித் துடைக்க மாட்டார். இங்கே உழைப்புக்குப் பஞ்சமே இல்லை, ஒரே ஒரு கோப்பைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் உழைப்பு தாராளமாகப் போகிறது. நோய்க்குத் தப்பான பெயர் வைத்தால் மருந்தும் தப்பாகத்தான் போகும். சோம்பல் என்று நம்பினால் கால அட்டவணை, அதிகாலை அலாரம், தன்னைத் தானே திட்டிக்கொள்வது என்று வரிசையாக முயற்சி செய்யத் தோன்றும், அவளும் மூன்றையும் செய்திருந்தாள். மூன்றாலும் அந்தக் கோப்பு திறக்கவில்லை.

தள்ளிப்போடுதல் என்று உளவியலில் எதைச் சொல்கிறார்கள் என்பதை முதலில் தெளிவாக வைத்துக்கொள்வோம். கனடாவைச் சேர்ந்த பியர்ஸ் ஸ்டீல் 2007-இல் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பெரிய கட்டுரை ஒன்று எழுதினார். அதில் அவர் தந்த வரையறையின் சாரம் இது: ஒரு வேலையைச் செய்யவேண்டும் என்று நாமே எண்ணியிருக்கிறோம், தாமதித்தால் நமக்குக் கெடுதல் என்றும் தெரிகிறது, அப்படியும் நாமாகவே தாமதிக்கிறோம். இதில் முக்கியமானது அந்த நடுப்பகுதிதான். இன்னொரு தகவல் வரட்டும் என்று காத்திருப்பதும், அம்மாவுக்கு உடம்பு சரியில்லாததால் வேலையை அடுத்த வாரத்துக்கு நகர்த்துவதும் தள்ளிப்போடுதலில் சேராது, அதெல்லாம் முன்னுரிமை. சோம்பலும் இதிலிருந்து வேறு. சோம்பலில் வேலையைச் செய்யும் எண்ணமே பெரும்பாலும் இருக்காது, செய்யவில்லையே என்ற நோவும் இருக்காது. தள்ளிப்போடுபவருக்கு எண்ணமும் உண்டு, நோவும் உண்டு.

தமிழில் இந்த வேறுபாட்டைப் பழைய காலத்திலேயே பிரித்துச் சொல்லியிருக்கிறார்கள் என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பாக இருக்கும். மடியின்மை அதிகாரத்தில் வரும் 605-ஆவது குறள்: "நெடுநீர் மறவி மடிதுயில் நான்கும் கெடுநீரார் காமக் கலன்." நெடுநீர் என்றால் காலம் நீட்டிக்கும் தன்மை. மறவி மறதி, மடி சோம்பல். ஒரே அதிகாரத்துக்குள் வைத்தாலும் நீட்டிப்பதையும் சோம்பலையும் தனித்தனியாக எண்ணி நான்கு என்கிறார் வள்ளுவர். கடைசிச் சொல் இன்னும் ஆழமானது. பரிமேலழகர் கலன் என்பதற்கு மரக்கலம் என்று பொருள் கொள்கிறார், கெட்டுப்போகிறவர்கள் விரும்பி ஏறும் மரக்கலம். யாரும் கட்டாயப்படுத்தி ஏற்றவில்லை, விரும்பித்தான் ஏறுகிறார்கள். ஏன் விரும்புகிறார்கள் என்ற கேள்வியில்தான் இந்த விஷயத்தின் முடிச்சே இருக்கிறது.

அந்த விருப்பம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க, அவள் கோப்பைத் தவிர்க்கும் அந்தச் சில நொடிகளை நாங்கள் இருவரும் மெதுவாகப் பிரித்துப் பார்த்தோம். காலையில் லேப்டாப்பைத் திறக்கிறாள். மெயிலில் கைடின் பெயர் தெரிகிறது. அடிவயிற்றில் ஒரு இறுக்கம், கழுத்துக்குப் பின்னால் சூடு. "திறந்தா அதுல என்ன இருக்கும்னு நெனைக்கிற?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நான் இந்த ஆராய்ச்சிக்கே லாயக்கில்லைன்னு சார் எழுதியிருப்பார்" என்றாள். அந்த எண்ணம் வந்த அடுத்த நொடி, முதலில் விடைத்தாளை முடித்துவிடுவோம், இதை மதியம் பார்க்கலாம் என்று ஒரு முடிவு. அந்த முடிவை எடுத்தவுடனே வயிறு இளகுகிறது. மூச்சு சீராகிறது.

அந்த இளகல்தான் பரிசு. கவனியுங்கள், விடைத்தாளில் ஒரு பக்கம்கூட இன்னும் புரட்டவில்லை, மதியம் பார்க்கலாம் என்று முடிவெடுத்ததற்கே கைமேல் நிம்மதி கிடைத்துவிட்டது. ஒரு செயலைச் செய்தவுடன் ஒரு துன்பம் விலகினால் அந்தச் செயல் பலப்படும் என்பது நடத்தையியலின் மிகப் பழைய, மிக உறுதியான விதிகளில் ஒன்று. வெயிலில் நிழலைத் தேடி ஒதுங்குவது மாதிரி உடம்பு அதைக் கற்றுக்கொள்கிறது, யோசித்துக் கற்பதில்லை. தினம் இரண்டு முறை வீதம் ஐந்து வாரம் என்றால், அவள் எழுபது முறை இந்தப் பாடத்தைப் பயின்றிருக்கிறாள்: கோப்பை நெருங்கினால் வலி, விலகினால் நிம்மதி. எழுபது முறை பயின்ற ஒன்றை ஒரு கால அட்டவணை எப்படி வெல்லும்?

கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் இதைப் பல்லாண்டு ஆராய்ந்த டிமோதி பிச்சிலும், உளவியலாளர் ஃபூஷியா சிரோயும் சேர்ந்து 2013-இல் எழுதிய கட்டுரை இந்தப் பார்வையைத் தெளிவாக முன்வைத்தது. தள்ளிப்போடுதலை நேர மேலாண்மைக் குறைபாடாகப் பார்க்காமல், இந்த நிமிடத்து மனநிலையைச் சரிசெய்வதற்கு முதலிடம் கொடுப்பதாகப் பார்க்கவேண்டும் என்பது அவர்கள் வாதம். இன்றைய நான் நிம்மதியை எடுத்துக்கொள்கிறேன், அதற்கான கடனை நாளைய நான் அடைக்கட்டும் என்று விட்டுவிடுகிறேன்.

அதற்கு முன்பே, 2001-இல், டயான் டைஸும் அவரோடு சேர்ந்தவர்களும் செய்த ஒரு சோதனை இதை வெகு நேர்த்தியாகக் காட்டியது. மாணவர்களுக்கு ஒரு கணக்குத் தேர்வு வரப்போகிறது என்று சொல்லி, அதற்குமுன் பயிற்சி செய்ய நேரம் கொடுத்தார்கள். சிலரை மனம் வருந்தும் ஒரு நிகழ்ச்சியைக் கற்பனை செய்யவைத்து சோர்வான மனநிலைக்குக் கொண்டுபோனார்கள். அறையில் கவனத்தைக் கலைக்கும் பொருட்களும் இருந்தன, சிலருக்குச் சுவாரசியமானவை, சிலருக்கு சலிப்பூட்டுபவை. மனம் சோர்ந்திருந்தவர்கள் சுவாரசியமான பொருள் கையருகே இருந்தபோது பயிற்சியை விட்டு அதிகம் விலகினார்கள். இதுவரை எதிர்பார்க்கக்கூடியதுதான். ஆனால் இன்னொரு பிரிவினரிடம், உங்கள் மனநிலை இப்போதைக்கு மாறாது, அப்படியே நிலைத்திருக்கும் என்று நம்பவைத்தார்கள். அவர்களும் அதே அளவு சோர்ந்திருந்தவர்கள்தான், ஆனால் அவர்கள் தள்ளிப்போடவில்லை. என்ன செய்தாலும் மனநிலை மாறப்போவதில்லை என்றால் விலகிப்போய் என்ன கிடைக்கும்? நிம்மதி என்ற கூலி இல்லாதபோது தள்ளிப்போடுதலும் நின்றுவிட்டது. சோம்பலாக இருந்திருந்தால் அப்படி நின்றிருக்காது என்பதுதான் என் கணிப்பு.

சரி, ஒரு முறை விலகினால் கிடைக்கும் நிம்மதி நிற்குமா என்றால் நிற்காது. டைஸும் ராய் பௌமைஸ்டரும் 1997-இல் கல்லூரி மாணவர்களை ஒரு பருவம் முழுக்கத் தொடர்ந்து பார்த்தார்கள். பருவத்தின் தொடக்கத்தில் தள்ளிப்போடுகிறவர்களுக்கு மற்றவர்களைவிட மன அழுத்தமும் குறைவு, உடல்நலக் குறைவும் குறைவு. பருவ முடிவில் எல்லாம் தலைகீழ், மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால் அவர்கள்தான் அதிகம் பாதிக்கப்பட்டிருந்தார்கள், மதிப்பெண்ணும் குறைவு. மரக்கலம் கரையை விட்டுக் கிளம்பும்போது இதமாகத்தான் இருக்கிறது.

அவள் விஷயத்தில் இந்த வளர்ச்சியை வாரவாரியாகப் பார்க்க முடிந்தது. முதல் வாரம் அந்தக் கோப்பில் இருந்தது ஒரே ஒரு பயம்தான், கைடு என்ன எழுதியிருப்பாரோ என்பது. இரண்டாவது வாரம் அதோடு, இன்னுமா பார்க்கவில்லை என்ற வெட்கம் சேர்ந்தது. மூன்றாவது வாரம் கைடைத் துறை வராந்தாவில் பார்த்துவிடுவோமோ என்று வேறு படிக்கட்டு வழியாகப் போனாள். நான்காவது வாரம் இவ்வளவு தாமதித்துவிட்டு வெறும் திருத்தம் மட்டும் அனுப்பினால் போதாது, இயலையே பிரமாதமாக மாற்றித்தான் அனுப்பவேண்டும் என்று வேலையின் அளவே பெருத்துவிட்டது. ஐந்தாவது வாரம், தன்னைப் பற்றிய தீர்ப்பாகவே அது மாறிவிட்டது. கோப்பு அதே கோப்புதான், ஒரு எழுத்துகூட மாறவில்லை. தாமதத்தின் மீதான வெட்கம் தாமதத்துக்குப் புதுக் காரணமாகிவிட்டது. பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன், முதல் பயத்தைவிட இரண்டாவதாக வந்த வெட்கம்தான் கனமானது.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். நான் ஒரு பர்ஃபெக்‌ஷனிஸ்ட், எல்லாம் சரியாக இருக்கவேண்டும் என்று நினைப்பதால்தான் தாமதிக்கிறேன் என்று பலர் சொல்வார்கள், அது பாதிதான் உண்மை. உயர்ந்த தரம் வேண்டும் என்று முயல்பவர்கள் பொதுவாகக் குறைவாகவே தள்ளிப்போடுகிறார்கள். தப்பு செய்துவிடுவோமோ, மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற கவலை மிகுந்தவர்கள்தான் அதிகம் தள்ளிப்போடுகிறார்கள். சிரோயும் மற்றவர்களும் 2017-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது இந்த இரண்டும் இப்படி எதிரெதிராகத்தான் பிரிந்தன. அதனால் தரத்தைக் குறைத்துக்கொள் என்று அவளிடம் நான் சொல்லவில்லை. அவளுடைய தரம் நல்ல தரம்தான்.

எல்லாத் தள்ளிப்போடலுக்குப் பின்னாலும் இருப்பது பயமும் இல்லை. வருமான வரித் தாக்கலைத் தள்ளிப்போடுபவருக்குப் பெரும்பாலும் சலிப்பு. மாமியார் வீட்டில் திணித்த வேலையைத் தள்ளிப்போடுகிறவருக்குக் கோபம் இருக்கலாம். அடுத்த அடி எது என்றே தெரியாதபோது வரும் மங்கலான தவிப்பு ஒன்று உண்டு, அது எல்லாவற்றிலும் கலந்திருக்கும். எந்த உணர்விலிருந்து விலகுகிறோம் என்று தெரியாமல் எதைத் தளர்த்துவது? அதனால்தான் வயிற்றில் என்ன நடக்கிறது, திறந்தால் என்ன இருக்கும் என்று நினைக்கிறாய் என்று அவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். ஜெர்மனியில் மார்க்குஸ் எக்கெர்ட்டும் குழுவினரும் 2016-இல் வெளியிட்ட ஆய்வு, விரும்பத்தகாத உணர்வைச் சகித்துக்கொள்ளவும் மாற்றிக்கொள்ளவும் பயிற்சி கொடுத்தபோது தள்ளிப்போடுதல் குறைந்ததாகக் காட்டியது. நேரத்தைப் பற்றிய பயிற்சி இல்லை என்பதைப் பாருங்கள், உணர்வைத் தாங்குவதைப் பற்றிய பயிற்சி.

அன்று மாலை நாங்கள் செய்த முதல் காரியம், கோப்பைப் பார்ப்பதையும் திருத்துவதையும் இரண்டாகப் பிரித்தது. அவள் மனதில் இரண்டும் ஒன்றாக ஒட்டிக்கிடந்தன, திறந்தால் உடனே திருத்தியாகவேண்டும், திருத்த முடியாவிட்டால் தோல்வி. "இன்னைக்குத் திருத்தவே கூடாது. எத்தனை கமென்ட் இருக்குன்னு எண்ணு, அவ்ளோதான். எண்ணிட்டு மூடிடு" என்றேன். எண்ணுவதை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்றால், அதில் நன்றாகச் செய்வது மோசமாகச் செய்வது என்று எதுவும் இல்லை. அதோடு, பயந்த பொருளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க அது ஒரு சாக்கும் ஆகிறது. வயிறு இறுகினால் இறுகட்டும், அதைப் போக்க முயலாமல் எண்ணிக்கொண்டே இரு என்று மட்டும் சொன்னேன். எதிர்பார்த்த ஆபத்து நடக்கவில்லை என்பதை உடம்பு கற்கவேண்டுமானால் அந்த இடத்தில் கொஞ்ச நேரம் இருந்தாகவேண்டும், விலகிப்போய்க்கொண்டே அதைக் கற்க முடியாது.

மொத்தம் 41 கமென்ட்கள். முதல் பத்தை எண்ணும்போது கை நடுங்கியது, முப்பதைத் தாண்டும்போது அவளே ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்துவிட்டாள். எண்ணி முடித்தபின் வகை பிரித்தோம். 26 கமென்ட்கள் கால்புள்ளி, மேற்கோள் வடிவம், எழுத்துப்பிழை. ஒன்பது, இதை இன்னும் ஒரு வரி விளக்குங்கள் என்ற வகை. ஆறு மட்டும் கருத்து சார்ந்தவை. அந்த ஆறிலும் ஒன்றுதான் உண்மையிலேயே கடினம், களப்பணிக்கு அவள் தேர்ந்தெடுத்த ஊர்கள் எல்லாமே ஆற்றுப் பாசனப் பகுதி, மானாவாரி ஊர் ஒன்றுகூட இல்லையே, இந்த முடிவு அங்கே பொருந்துமா என்ற கேள்வி. அவள் லாயக்கில்லை என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. ஒரு இடத்தில், இந்தப் பகுதி நன்றாக வந்திருக்கிறது என்றும் இருந்தது, அதைப் படித்தபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

எப்போதும் இப்படி நல்லபடியாகவே இருக்கும் என்று சொல்ல மாட்டேன். சில கோப்புகளில் உண்மையாகவே கடுமையான வரி இருக்கும். அப்போதும் 41 என்ற எண்ணுக்கும், எழுதப்பட்ட ஒரு கேள்விக்கும் ஒரு விளிம்பு இருக்கிறது. திறக்காத கோப்புக்குள் நாம் வைக்கும் பயத்துக்கு விளிம்பே கிடையாது.

இரண்டாவது, அடுத்த அடியை எங்கே, எப்போது என்று கட்டிப்போட்டது. மூன்றாம் இயலைத் திருத்து என்பது ஒரு வேலையே இல்லை, அது பல வேலைகளின் பெயர். ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரும் வெரோனிகா பிராண்ட்ஸ்டாட்டரும் 1997-இல் செய்த ஒரு சோதனை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலையை எப்படிக் கழித்தோம் என்று அது முடிந்த 48 மணி நேரத்துக்குள் ஒரு அறிக்கை எழுதவேண்டும் என்று மாணவர்களைக் கேட்டார்கள். பாதிப் பேரிடம் எங்கே, எந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுவீர்கள் என்பதையும் முன்கூட்டியே குறித்து வாங்கினார்கள். குறித்துக் கொடுத்தவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் நேரத்துக்குள் எழுதினார்கள், மற்றவர்களில் மூன்றில் ஒரு பங்குதான். அவள் எழுதிவைத்தது இது: காலை காபி தம்ளரைக் கழுவி வைத்ததும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து 26 சின்னக் கமென்ட்களில் முதல் ஐந்தை முடிப்பேன். அதற்குக் கீழே இன்னொரு வரி சேர்க்கச் சொன்னேன், எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது: வயிறு இறுகி, விடைத்தாளை எடுக்கலாம் என்று தோன்றினால், அடுத்த ஒரு கமென்டை மட்டும் முடித்துவிட்டு எழுந்துகொள்வேன். நேரத்துக்கு மட்டும் திட்டம் போட்டு, அந்த உணர்வு வரும் நிமிடத்துக்குத் திட்டம் போடாமல் விட்டால் முதல் இறுக்கத்திலேயே எல்லாம் சரிந்துவிடும்.

போனை அடுத்த அறையில் வைக்கச் சொன்னதும் இதோடு சேர்ந்ததுதான். போன்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று நான் நினைக்கவில்லை, அவள் அலமாரியைத் துடைத்தவள். ஆனால் 2001 சோதனையில் சுவாரசியமான பொருள் கையருகே இருந்தபோதுதான் விலகல் அதிகமானது. நிம்மதி ஒரு கை தூரத்தில் இருப்பதும் பத்தடி தூரத்தில் இருப்பதும் ஒன்றில்லை.

மூன்றாவதாகத்தான் அந்த வெட்கத்தை எடுத்தோம், அதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது. மைக்கேல் வோல், பிச்சில், ஷானன் பென்னெட் மூவரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில் முதலாண்டு மாணவர்கள் 119 பேரை இரண்டு இடைத்தேர்வுகளுக்குச் சற்று முன்பு கேள்வி கேட்டார்கள். முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள், அடுத்த தேர்வுக்குக் குறைவாகத் தள்ளிப்போட்டார்கள். மனதில் இருந்த கசப்பு குறைந்ததுதான் இடையில் நடந்தது. இது சோதனைக்கூடத்தில் சிலரை மன்னிக்கவைத்துப் பார்த்த ஆய்வு இல்லை, இருந்தபடியே அளந்தது, அதனால் மன்னிப்புதான் காரணம் என்று நூறு சதவீதம் அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் மேலே சொன்ன இயக்கத்தோடு இது பொருந்துகிறது. தன்னைத் திட்டிக்கொள்வது கோப்பின்மேல் இன்னொரு வலியை ஏற்றுகிறது, வலி ஏறினால் விலகல் இன்னும் இதமாகிறது. நம் வீடுகளில் திட்டினால்தான் பிள்ளை உருப்படும் என்று வளர்த்துவிடுகிறார்கள், அந்தக் குரலையே நாம் உள்ளே எடுத்துவைத்துக்கொள்கிறோம். இந்த ஒரு விஷயத்தில் அந்தக் குரல் நேர் எதிரான வேலையைச் செய்கிறது.

மன்னிப்பது என்றால் ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லிக்கொள்வதில்லை. நடந்தது தவறுதான், அதனால் இன்னொருவருக்குத் தொந்தரவு, நான் பயந்துபோய் இப்படிச் செய்தேன், இப்போது இதைச் செய்யப்போகிறேன் என்று முழுசாக ஒப்புக்கொள்வது. அவள் அதைக் கைடுக்கு எழுதும் மெயிலாகவே செய்தாள். முதல் வரைவு பெரியதாக இருந்தது, உடல்நிலை, வேலைப் பளு, மன்னிப்பு மேல் மன்னிப்பு. அதை எழுதி முடிப்பதே இன்னொரு பயங்கரமான வேலையாகிவிடும் போலிருந்தது. கடைசியில் அனுப்பியது: "ஐயா, தங்கள் திருத்தங்களைப் பார்க்கத் தாமதித்துவிட்டேன், மன்னிக்கவும். இப்போது முழுவதும் படித்துவிட்டேன். சிறு திருத்தங்களை வரும் சனிக்கிழமைக்குள் முடித்து அனுப்புகிறேன். ஊர்த் தேர்வு பற்றிய கேள்விக்கு நேரில் பேச அரைமணி நேரம் கிடைக்குமா?" மறுநாள் வந்த பதில் ஒரே வரி, புதன்கிழமை பதினொரு மணிக்கு வாருங்கள் என்று.

இதெல்லாம் எங்கே வழுக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவளுக்கு வழுக்கியது. முதல் மூன்று நாள் நன்றாகப் போனது, 26-இல் 20 முடிந்தது. நான்காவது நாள் அந்தக் கடினமான கேள்வியை நெருங்கியதும், மானாவாரி விவசாயம் பற்றிப் படித்துவிட்டு எழுதலாம் என்று கட்டுரைகளை இறக்க ஆரம்பித்தாள். இரண்டு நாளில் 19 கட்டுரை. பார்க்க உழைப்பாகத்தான் தெரியும். இது வேலையா, வேலையின் வேடத்தில் வந்த விலகலா என்று கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த சோதனை ஒன்று உண்டு. உட்கார்ந்து எழுந்தபின் கைடுக்கு அனுப்பக்கூடிய ஒரு வரியாவது கோப்பில் கூடியிருக்கிறதா, அந்தக் கேள்வியை நினைத்தால் வயிறு முன்பைவிடக் கொஞ்சமாவது இளகியிருக்கிறதா? இரண்டுக்கும் இல்லை என்றால் அது விலகல்தான். புதுப்புதுத் திட்டம் போடுவது, புதுச் செயலியில் பட்டியல் எழுதுவது, தள்ளிப்போடுதலைப் பற்றியே மணிக்கணக்கில் படிப்பது எல்லாம் இதே வேடத்தில் வரக்கூடியவை. மூட் வரட்டும் என்று காத்திருப்பது இன்னொன்று. மூட் பெரும்பாலும் தொடங்கிய பிறகுதான் வருகிறது, ஆகவே அதை நிபந்தனையாக வைத்தால் தொடக்கமே இருக்காது.

அப்புறம், எல்லாமே இந்தக் கணக்கில் அடங்காது. சின்ன வயதிலிருந்தே, பிடித்த வேலை பிடிக்காத வேலை என்ற வித்தியாசமில்லாமல் எதையும் தொடங்குவதும் முடிப்பதும் திணறல், பொருள் தொலைப்பது, நேரம் போவதே தெரியாமல் இருப்பது என்று இருந்தால் அது ஏ.டி.ஹெச்.டி. என்ற கவனக்குறைபாட்டுக் கோளாறாக இருக்கலாம், மனநல மருத்துவரைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். வாரக்கணக்கில் தூக்கம் கெட்டு, பசி போய், பிடித்த விஷயங்களில்கூட ருசி இல்லாமல் போயிருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம், அங்கே கமென்ட்களை எண்ணச் சொல்வது உதவாது, சிகிச்சை வேண்டும். சில நேரம் பயம் கற்பனையே இல்லை, எதிரில் இருப்பவர் உண்மையிலேயே அவமானப்படுத்துபவராக இருப்பார். அப்போது தளர்த்தவேண்டியது பயத்தை இல்லை, அந்த ஏற்பாட்டையே மாற்றவேண்டும், அல்லது கூட ஒருவர் நிற்கவேண்டும். மூன்று ஆள் செய்யவேண்டிய வேலையை ஒருவர் தலையில் கட்டிவிட்டு ஏன் தள்ளிப்போடுகிறாய் என்று கேட்கும் அலுவலகங்களும் இருக்கின்றன, அங்கேயும் பிரச்சினை அந்த ஆளின் மனதில் இல்லை.

அவள் புதன்கிழமை கைடைப் பார்க்கப் போனாள். 19 கட்டுரையையும் மூடிவைத்துவிட்டு, முந்தைய நாள் மாலை ஒரே ஒரு பத்தி எழுதிக்கொண்டு போயிருந்தாள், "இந்த முடிவு ஆற்றுப் பாசன ஊர்களுக்கு மட்டுமே உரியது, மானாவாரிப் பகுதிக்கு இதை நீட்டிக்க முடியாது" என்று தொடங்கும் பத்தி. அதை எழுத இருபது நிமிடம் ஆனது என்றாள். கைடு படித்துவிட்டு, கடைசி வாக்கியத்தை மட்டும் அடித்துத் திருத்திக் கொடுத்தாராம். சனிக்கிழமை அனுப்புவதாகச் சொன்ன இயலைத் திங்கள்கிழமை அனுப்பினாள். நான்காவது இயலின் திருத்தங்கள் போன வாரம் வந்தன. அன்றைக்கே திறந்தாயா என்று கேட்டேன், "இல்லக்கா, ரெண்டு நாள் ஆச்சு. ஆனா எண்ணிட்டேன், 33" என்றாள்.